பத்துக் கிலோ பழம், ஆறு பாகம்: அடுத்த பகுதிக்கு ஆளை வரவழைக்கும் காணொளித் தொடரை அமைப்பது எப்படி?

வார இதழில் தொடர்கதை படித்தவர்களுக்கு இதழ்கள் வரிசையாகத்தான் கைக்கு வந்தன. ஐந்தாம் அத்தியாயத்துக்கு முன் நான்காம் அத்தியாயம் வந்துவிடும்; ஓர் இதழைத் தவறவிட்டவருக்கு முன்கதைச் சுருக்கம் இருந்தது. யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் எண்ணிட்ட தொடர் போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் நான்காம் பாகம், முதல் மூன்றையும் பார்த்திராத ஒருவரின் கைப்பேசியில் முதலாவதாகப் போய் நிற்கும். முதல் பாகத்தை ரசித்துப் பார்த்தவருக்கு இரண்டாம் பாகம் காட்டப்படாமலே போகலாம். எனவே ஒவ்வொரு பாகமும் முன்பின் தெரியாதவருக்கும் புரிய வேண்டும், தொடர்ந்து வருகிறவருக்கும் சலிக்கக் கூடாது. முன்சுருக்க வரியும், விளைவைச் சொல்லாமல் ஆவலோடு நிறுத்திவைக்கும் முடிவான தொக்கலும் இந்த இரண்டு தேவைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டியவை.

இந்தக் கட்டுரை ஓர் எடுத்துக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முழுவதுமாகப் பின்தொடர்கிறது. சேலத்தில் படிக்கும் ஒரு மாணவி, ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா வீட்டுக்கு அறுவடைக் காலத்தில் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் இருப்பது ஒரு கைப்பேசியும், ஒரு தராசும், தோட்டத்தில் பறித்த பத்துக் கிலோ அராபிகாப் பழமும்தான். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை ஓடும் ஆறு பாகங்களாக அவள் ஒரு தொடர் செய்யப்போகிறாள்.

முதல் படி: தொடருக்கு ஒரே ஒரு கேள்வி

"ஏற்காட்டுக் காபி எப்படித் தயாராகிறது?" என்பது தலைப்பாக இருக்கலாம், ஆனால் தொடரைத் தாங்கும் கேள்வியாக இருக்காது. அதற்கான விடை பாதிப் பேருக்கு ஏற்கெனவே மேலோட்டமாகத் தெரியும், மீதிப் பேருக்கு அது முடிந்துவிட்டதா இல்லையா என்று எந்த இடத்திலும் தெரியாது. "பத்துக் கிலோ பழத்தில் எத்தனை டம்ளர் காபி கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை ஓர் எண். அந்த எண் கடைசி டம்ளரில்தான் கிடைக்கும். இடையில் நடக்கும் ஒவ்வொரு வேலையும் அந்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பார்ப்பவரும் தன் மனத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்வார். தான் நினைத்தது சரியா என்று தெரிந்துகொள்வதற்காகவே அவர் திரும்பி வருவார்.

எடுத்துக்கொண்ட பொருள் தொடருக்கு ஏற்றதுதானா என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாகத்தையும் நான்காம் பாகத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் உங்களிடம் இருப்பது தொடர் அன்று, பட்டியல். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கிள்ளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று நான்கு இடங்களை நான்கு பாகமாகப் போட்டால் எதை முதலில் பார்த்தாலும் ஒன்றுதான். அவற்றுக்கு எண் போடுவதில் தவறில்லை; ஆனால் அங்கே முன்சுருக்கத்துக்குச் சொல்ல எதுவும் இருக்காது, முடிவில் எவ்வளவு ஆவலைத் தூண்டினாலும் பார்ப்பவருக்கு அடுத்ததற்காகக் காத்திருக்கக் காரணம் இருக்காது.

இரண்டாம் படி: வேலை எங்கே நிற்கிறதோ அங்கே வெட்டுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் படம்பிடித்துவிட்டு, மொத்த நீளத்தை ஆறால் வகுத்து வெட்டுகிறார்கள். அப்படி வெட்டினால் ஒரு பாகம் கருவியைக் கழுவும் காட்சியில் முடியும், இன்னொன்று யாரோ சாமான் தேடும் காட்சியில் முடியும். கைவேலைகளில் இயல்பாகவே காத்திருக்க வேண்டிய இடங்கள் உண்டு. செய்பவரே அடுத்து என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த இடங்களைத்தான் பாகத்தின் எல்லைகளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

காபியில் அப்படிப்பட்ட இடங்கள் நிறையவே இருக்கின்றன. பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் நல்ல பழம் அடியில் தங்கும். பூச்சி துளைத்ததும், உள்ளே கொட்டை பிடிக்காமல் சாவியானதும் மேலே மிதக்கும். எத்தனை மிதக்கும் என்று கொட்டுவதற்கு முன் யாருக்கும் தெரியாது. பழத்தின் தோலை அன்றைக்கே பல்ப்பரில் நீக்கியபின், கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பான பசை கரைவதற்காகத் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். அராபிகாவுக்கு இது பொதுவாக ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை பிடிக்கும். குளிர் கூடினால் இன்னும் இழுக்கும். சீக்கிரம் கழுவிவிட்டால் பசை தங்கிவிடும், தாமதித்தால் புளித்த வாடை ஏறிவிடும். பிறகு களத்தில் உலர்த்தும்போது மலைமேல் மேகம் எப்போது இறங்கும் என்பதும் நம் கையில் இல்லை. கொட்டையை மூடியிருக்கும் காய்ந்த தோட்டை நீக்கியபின் வரும் எடையும், வறுத்தபின் வரும் எடையும் இப்படித்தான்.

இவற்றை வைத்து அந்த மாணவியின் ஆறு பாகங்களையும் வரிசைப்படுத்துவோம். முதல் பாகத்தில் பழம் பறித்து, எடைபோட்டு, தண்ணீர் நிறைந்த அண்டாவில் கொட்டுகிறார்கள். பழங்கள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கும் நேரத்தில் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகம் மிதந்ததை நீக்கியபின் 9.4 கிலோ மிஞ்சியது என்பதில் தொடங்கித் தோல் நீக்கி, ஊறவைத்து, மறுநாள் மாலைவரை போகிறது. அப்போது பெரியம்மா தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். "இன்னும் வழவழன்னுதான் இருக்குது கண்ணு. விடியட்டும், பாத்துக்கலாம்" என்கிறார். அங்கே பாகம் முடிகிறது. மூன்றாம் பாகத்தில் விடிந்ததும் கழுவிக் களத்தில் பரப்புகிறார்கள். சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து மேகம் இறங்கி வருகிறது, பெரியப்பா தார்ப்பாயைத் தேடி ஓடுகிறார். நான்காம் பாகத்தில் ஒரு வாரத்துக்கு மேல் காய்ந்த கொட்டையை உரலில் போட்டுப் பக்குவமாகக் குத்தி, முறத்தில் புடைத்து, தராசுத் தட்டில் கொட்டுகிறார்கள். ஐந்தாம் பாகத்தில் எடை தெரிகிறது. வறுத்து, அரைத்து, டிகாக்‌ஷன் இறக்கி, முதல் டம்ளரைப் பெரியப்பா வாயில் வைக்கிறார். ஆறாம் பாகத்தில் அவர் சொன்ன வார்த்தையும் மொத்த டம்ளர் கணக்கும் வருகின்றன.

இந்த வரிசையில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றில் எண் மறைக்கப்படுகிறது; ஒன்றில் ஒரு முடிவு தள்ளிப்போகிறது; ஒன்றில் வெளியிலிருந்து ஆபத்து வருகிறது; ஒன்றில் ஒருவரின் முகம் என்ன சொல்லப்போகிறது என்று காத்திருக்கிறோம். தராசு காட்டும் எடையை மறைத்து முடிப்பது எளிது என்பதற்காக ஆறு பாகத்தையும் தராசிலேயே முடித்தால், மூன்றாவது முறையே பார்ப்பவருக்கு உத்தி தெரிந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு பாகங்கள் ஒரே வகையில் முடியக் கூடாது என்ற விதியை மட்டுமாவது கடைப்பிடியுங்கள்.

படப்பிடிப்புக்குப் போகுமுன் ஆறு பாகங்களின் கடைசிக் காட்சிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. முடிவு எது என்று தெரிந்தால்தான் அந்த நேரத்தில் கேமரா அங்கே இருக்கும். பெரியம்மாவின் கை தொட்டிக்குள் போகும்போது நீங்கள் வேறெங்கோ பூவைப் படம்பிடித்துக்கொண்டிருந்தால், அந்தத் தருணத்தை மறுபடி நடிக்கச் சொல்லி எடுக்க வேண்டிவரும். நடித்தது திரையில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: முன்சுருக்க வரி

தொடர்களில் அதிகம் பாழாவது இந்த இடம்தான். மூன்றாம் பாகத்துக்குப் பொதுவாக எழுதப்படும் முன்சுருக்கம் இப்படி இருக்கும்: "வணக்கம் நண்பர்களே, போன பாகத்தில் நாம் தோட்டத்துக்குப் போய்ப் பழம் பறித்து, எடைபோட்டு, தண்ணீரில் கொட்டி, தோல் நீக்கி, ஊறவைத்தோம். அதைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது இந்தப் பாகத்தில் என்ன நடக்கப்போகிறது என்று பார்ப்போம்." இதைச் சொல்லி முடிக்கப் பதினைந்து நொடிகளாவது ஆகும். அதற்குள் புதியவர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். இன்னும் மோசம், "பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி நாமே அவரை வெளியே அனுப்புகிறோம், போனவர் திரும்புவதில்லை. ஏற்கெனவே பார்த்தவருக்கோ, தெரிந்ததையே நடந்த வரிசையில் மறுபடி கேட்கும் தண்டனை.

அதே பாகத்துக்கு இப்படி எழுதலாம்: "பத்துக் கிலோ பழத்தில் எத்தனை டம்ளர் காபி? பசை கரையட்டும் என்று ராத்திரியும் ஊறவிட்டோம். விடிந்ததும் பெரியம்மா மறுபடி கைவிட்டுப் பார்க்கிறார்."

இதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. முதல் துண்டு தொடரின் கேள்வி. அது ஆறு பாகத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் வரும். புதியவருக்கு இது எதைப் பற்றியது என்று அதுவே சொல்லிவிடும்; பழகியவருக்கு, தான் பார்த்துவந்த தொடர் இதுதான் என்று குரலைக் கேட்டதுமே தெரிந்துவிடும். இரண்டாம் துண்டு இப்போதைய நிலை. இதுவரை நடந்த எல்லாவற்றையும் இது சொல்வதில்லை. இந்தப் பாகத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒன்றை மட்டும் சொல்கிறது. பழம் பறித்ததும் மிதந்ததை நீக்கியதும் மூன்றாம் பாகத்துக்குத் தேவையில்லை. பசை கரைய வேண்டும் என்பது தேவை. மூன்றாம் துண்டு திரையில் அந்த நொடியில் நடந்துகொண்டிருப்பது. அதனால் முன்சுருக்கம் எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்ற தையல் தெரிவதில்லை.

நீளத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். இயல்பாகப் பேசினால் ஆறேழு நொடிக்குள் அடங்க வேண்டும். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் எண்ணிக்கையை நம்பாமல், கைப்பேசியில் பதிவுசெய்து நேரம் பாருங்கள். ஏழு நொடியைத் தாண்டினால் முதலில் வெட்ட வேண்டியது இரண்டாம் துண்டை. கேள்வியையும் நடப்பதையும் தொடாதீர்கள்.

இந்த வரி ஒலிக்கும்போது திரையில் என்ன இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பழைய பாகங்களின் துண்டுக் காட்சிகளை வேகமாக ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. அது புதியவருக்குக் குழப்பத்தையும் பழகியவருக்குச் சலிப்பையும் தருகிறது. சென்ற பாகத்தின் கடைசிக் காட்சி எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டதோ அதே கோணத்தில் புதிய காட்சியைத் தொடங்குங்கள். மாலை வெளிச்சத்தில் தொட்டிக்குள் போன அதே கை, இப்போது காலை வெளிச்சத்தில் போகிறது. சென்ற பாகத்தைப் பார்த்தவருக்கு வேறு நினைவூட்டலே வேண்டாம். இதற்காக ஒவ்வொரு கடைசிக் காட்சியையும் எடுக்கும்போது கைப்பேசியை எங்கே வைத்தீர்கள் என்பதைத் தரையில் ஒரு சுண்ணக்கோடு போட்டாவது குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒலியை நிறுத்திவைத்துப் பார்ப்பவர்கள் பலர் உண்டு. ஆகவே தொடரின் கேள்வியைத் திரையிலும் எழுத்தாகக் காட்டுங்கள். திரையின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்களும் விவரமும் மறைத்துவிடும். எழுத்து நடுவுக்கு மேலே இருக்கட்டும்.

எழுதிய வரி வேலைசெய்கிறதா என்று பார்க்க, தொடரைப் பற்றி எதுவுமே அறியாத ஒருவரிடம் நான்காம் பாகத்தை மட்டும் கொடுங்கள். பத்தாவது நொடியில் நிறுத்தி, "இவர்கள் என்ன செய்யப் பார்க்கிறார்கள்?" என்று கேளுங்கள். "காபிக்கொட்டை குத்துகிறார்கள்" என்று மட்டும் சொன்னால் வரி போதவில்லை. "எத்தனை டம்ளர் வரும் என்று கணக்குப் பார்க்கிறார்கள்" என்று சொன்னால் போதும்.

நான்காம் படி: தொக்கலில் நிறுத்துவது

எதை மறைப்பது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். மறைக்க வேண்டியது விளைவை மட்டுமே. அந்த விளைவு எதனால் முக்கியம் என்பதை மறைக்கக் கூடாது. பெரியம்மா தேய்த்துப் பார்த்துவிட்டு "விடியட்டும்" என்று சொல்லும் காட்சி பதைப்பைத் தர வேண்டுமானால், அதற்குமுன் அதே பாகத்திலேயே, நேரம் தவறினால் கொட்டை புளித்துவிடும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். அது சொல்லப்படவில்லை என்றால், ஒரு பெண்மணி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போகும் காட்சிதான் மிஞ்சும். பல தொடர்களில் முடிவு எடுபடாமல் போவதற்கு, காரணத்தை அடுத்த பாகத்துக்கு ஒத்திவைப்பதே காரணம்.

இன்னொரு பழக்கத்தையும் தவிர்க்கச் சொல்வேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், ஒருவர் பேசும்போது பாதியில் வெட்டினால் முழுப் பொருளும் மறைந்துவிடும், பெரியப்பா "இந்தக் காபி வந்து..." என்று தொடங்கியதும் வெட்டிவிடலாம் என்று தோன்றும். அது செய்வதற்கு எளிது, பார்ப்பவருக்கு எரிச்சல். தொடர்கிற நிகழ்வை நிறுத்துங்கள், பேசுகிற ஆளின் வாயை அடைக்காதீர்கள். அவர் டம்ளரைக் கீழே வைக்கிறார், பெரியம்மாவைத் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவோடு நிறுத்தலாம். அவர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

வெட்டும் இடத்தைப் பொறுத்தவரை, தகவல் வெளிப்படும் தருணத்துக்கு அரை நொடி முன்னால் நிறுத்தினால் போதும். தராசுக் காட்சியில் கொட்டை தட்டில் விழுந்து, எண் ஏறிக்கொண்டே இருக்கும்போது வெட்ட வேண்டும். எண் நிலைத்தபின் அதன்மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைப்பது, தெரிந்துகொண்டே சொல்லாமலிருக்கும் விளையாட்டாகத் தோன்றும். வெட்டிய பிறகு எதுவும் வரக் கூடாது. "என்ன ஆச்சுன்னு அடுத்த பாகத்தில் பார்க்கலாம், பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க" என்ற விடைபெறும் வாசகம் தொடங்கியதுமே பார்ப்பவரின் விரல் நகர்ந்துவிடுகிறது. அடுத்த பாகம் எப்போது என்று சொல்ல விரும்பினால், கடைசிக் காட்சி ஓடும்போதே மேலே சிறிய எழுத்தில் "பாகம் 4, வெள்ளி மாலை 7" என்று போட்டுவிடுங்கள்.

தொக்கலில் விடுவது ஒரு கடன். சென்ற பாகத்தில் திறந்த கேள்விக்கு இந்தப் பாகத்தின் முதல் பதினைந்து நொடிக்குள் விடை சொல்லிவிட வேண்டும். நான்காம் பாகம் தராசில் முடிந்ததா? ஐந்தாம் பாகத்தின் முன்சுருக்க வரி முடிந்ததும் 1.55 கிலோ என்ற எண் திரைக்கு வந்துவிட வேண்டும். பத்துக் கிலோ இவ்வளவு குறைந்துவிட்டதா என்ற வியப்பே அடுத்த ஒரு நிமிடத்துக்கு ஆளை நிறுத்திவைக்கும். பொதுவாக ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டைதான் வரும் என்று பெரியப்பா விளக்குவதற்கும் அங்கே இடம் கிடைக்கும். மாறாக, அந்த எண்ணை ஐந்தாம் பாகத்தின் கடைசிவரை இழுத்தால் அந்த ஒரு நிமிடமும் வெறும் காத்திருப்பாகிவிடும். ஒருமுறை அப்படி ஏமாந்தவர் அடுத்த தொக்கலை நம்பமாட்டார். அதேபோல, மேகம் இறங்குகிறது என்று பதறவைத்துவிட்டு, அடுத்த பாகத்தில் "நல்லவேளை, மழை வரவில்லை" என்று ஒரே வரியில் கடந்துபோவதும் ஏமாற்றுத்தான். மழை வராவிட்டாலும், தார்ப்பாய் போட்டு மூடிய கொட்டையை மறுநாள் திறந்தபோது எப்படி இருந்தது, உலர்த்துவதற்கு எத்தனை நாள் கூடியது என்று காட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: எண்ணும் இணைப்பும்

தலைப்பில் கேள்வி முதலிலும் எண் பின்னாலும் வரட்டும். ஆனால் மொத்தம் குறுகியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கைப்பேசித் திரையில் எண் வெட்டுப்படும். நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதலாம்:

```
10 கிலோ பழத்தில் எத்தனை டம்ளர்? பாகம் 3/6
```

"3/6" என்று மொத்தத்தையும் சேர்த்துச் சொல்வதில் ஒரு நன்மை உண்டு. இது முடிகிற தொடர் என்றும் இன்னும் மூன்றே பாகம்தான் என்றும் பார்ப்பவருக்குத் தெரிகிறது. ஆனால் மொத்தம் உறுதியான பிறகே அதைப் போட வேண்டும். காபி காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்; இடையில் மழை பெய்து கொட்டை கெட்டால் கதையே மாறிவிடும். எனவே எல்லாவற்றையும் படம்பிடித்து முடித்த பிறகு முதல் பாகத்தை வெளியிடுவதே பாதுகாப்பு. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் குறைந்தது உலர்த்தும் கட்டம் முடியும்வரையாவது காத்திருக்கலாம். பாகங்களுக்கு இடையில் ஒன்றிரண்டு நாள் இடைவெளி போதும். களத்தில் கொட்டை காய எடுத்துக்கொண்ட நாட்களைப் பார்ப்பவரும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அட்டைப்படத்திலும் எண் பெரிதாக, ஆறிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பாகத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கத்துக்கு வருகிறவர், சிறு கட்டங்களாகத் தெரியும் படங்களில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

யூடியூபில் ஷார்ட்ஸின் விவரத்திலும் கருத்துகளிலும் இடும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சொடுக்கினால் திறப்பதில்லை. அதனால் அடுத்த பாகத்தின் இணைப்பைக் கருத்தில் ஒட்டிவைப்பது பயன்தராது. அதற்குப் பதிலாக யூடியூப் ஸ்டுடியோவில் அந்தக் காணொளியின் விவரப் பக்கத்தில் இருக்கும் "Related video" என்ற இடத்தைப் பயன்படுத்துங்கள். அங்கே தேர்ந்தெடுக்கும் காணொளிக்கு ஷார்ட்ஸ் ஓடும் திரையிலிருந்தே போகலாம். புதிய சேனல்களில் கூடுதல் வசதிகளைத் திறப்பதற்கான சரிபார்ப்பை முடித்தால்தான் இது கிடைக்கும். ஆகவே தொடரை வெளியிடுமுன்பே அதை முடித்துவிடுங்கள். மூன்றாம் பாகத்தை வெளியிடும்போது நான்காம் பாகம் வெளியாகியிருக்காது. எனவே நான்காம் பாகத்தை வெளியிட்ட கையோடு மூன்றாம் பாகத்துக்குத் திரும்பிப் போய் இணைப்பைக் கொடுக்க வேண்டும். பலர் மறந்துவிடும் வேலை இது. இணைப்பை முதல் பாகத்துக்குக் கொடுப்பதா, அடுத்த பாகத்துக்குக் கொடுப்பதா என்றால், அடுத்த பாகத்துக்கே கொடுக்கச் சொல்வேன். ஆவல் எழுந்த நேரத்தில் கேட்பது அதைத்தான். பின்னணியை முன்சுருக்க வரி ஏற்கெனவே கொடுத்துவிட்டது. ஆறு பாகங்களையும் வரிசையாக ஒரு பிளேலிஸ்டிலும் போட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் பக்கத்தின் உச்சியில் மூன்று பதிவுகளை ஊன்றிவைக்கலாம். முதல் பாகமும் கடைசியாக வந்த பாகமும் அங்கே இருந்தால் போதும்.

ஆறாம் படி: எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பது

நான்காம் பாகத்தை மூன்றாம் பாகத்தைவிட அதிகம் பேர் பார்த்திருந்தால் தொடர் வெற்றி என்றோ, குறைவானவர்கள் பார்த்திருந்தால் தோல்வி என்றோ எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு பாகமும் தனித்தனி ஆட்களிடம் போவதால் மொத்தப் பார்வை எண்ணிக்கை தொடரைப் பற்றி அதிகம் சொல்லாது. ஒவ்வொரு பாகத்துக்கும் பார்வையாளர் எந்த நொடிவரை தங்கினார் என்று காட்டும் கோட்டுப்படத்தைத் திறந்து, முதல் ஏழு நொடியையும் கடைசி ஐந்து நொடியையும் மட்டும் பாருங்கள்.

முதல் பாகத்தில் தொடக்கம் நன்றாக நின்று, இரண்டு முதலான பாகங்களில் மட்டும் தொடக்கத்திலேயே கோடு சரிந்தால், குற்றம் முன்சுருக்க வரியில்தான். முதல் பாகத்தில் இல்லாதது அது ஒன்றே. தொடக்கம் நின்று, முடிவுக்குச் சில நொடி முன்னால் சரிந்தால், தொக்கலுக்குப் பிறகு எதையோ பேசிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லது விளைவு முன்பே தெரிந்துவிட்டது. கடைசிவரை கோடு நிமிர்ந்தே இருந்தும் அடுத்த பாகத்துக்கு ஆள் வரவில்லை என்றால் இணைப்பையும் அட்டைப்பட எண்ணையும் சரிபாருங்கள்.

கருத்துகளும் நோயைச் சொல்லும். "முந்தைய பாகம் எங்கே?" என்று பலர் கேட்டால் முன்சுருக்கம் போதவில்லை. "அடுத்த பாகம் எப்போ?" என்று கேட்டால் தொக்கல் பிடித்துவிட்டது, தேதி சொல்லத்தான் மறந்துவிட்டீர்கள். "இதுக்கு ஒரு பாகமா?" என்று கேட்டால் அந்தப் பாகத்தில் எதுவும் நிகழவில்லை, அதை அடுத்ததோடு சேர்த்திருக்க வேண்டும். நான்காம் பாகத்தின் கீழே ஆளாளுக்கு ஓர் எடையை ஊகித்து எழுதியிருந்தால் தொடரின் கேள்வி அவர்களுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். ஐந்தாம் பாகத்தில் எடை தெரியும் காட்சிக்கு முன்னால் அந்த ஊகங்களில் இரண்டை, எழுதியவரின் பெயரை மறைத்து, திரையில் காட்டலாம்.

கடைசிப் பாகத்துக்கு மட்டும் விதிகள் கொஞ்சம் மாறும். அதில் பெரியப்பாவின் வார்த்தை முதலில் வர வேண்டும், ஏனென்றால் அது ஐந்தாம் பாகத்தின் கடன். அதன்பின் கணக்கு: 1.55 கிலோ கொட்டை வறுபட்டதும் ஏறக்குறைய 1.3 கிலோவாகக் குறைகிறது. சிக்கரி சேர்க்காமல் சிறிய டம்ளருக்குப் பத்துக் கிராம் தூள் என்று வைத்தால் 130 டம்ளர். அந்த எண்ணைத் திரையில் நிறுத்தி, ஓரிரு நொடி விட்டு முடியுங்கள். புதிய தொடர் ஒன்று திட்டத்தில் இருந்தாலும் அதன் தொக்கலை இங்கே ஒட்டக் கூடாது. ஆறு பாகமும் கூடவே வந்தவருக்கு முழு விடை கிடைத்தாக வேண்டும். இந்தப் பாகத்தின் "Related video" இடத்தில் முதல் பாகத்தைக் கொடுங்கள். விடையை முதலில் பார்த்துவிட்ட புதியவர், பத்துக் கிலோ எப்படி 130 டம்ளர் ஆனது என்று தொடக்கத்திலிருந்து பார்க்க அந்த ஒரு வழி அவருக்குப் போதும்.